தட்டில் தங்கிப்போன லேப்டாப்: கேட்பதற்கு ஓரிடம் வேண்டும்

விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் லேப்டாப்பை விட்டுவிட்டு வருவதற்கு ஒருவர் பெரிய மறதிக்காரராக இருக்க வேண்டியதில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் தனி ட்ரேயில் வைக்கச் சொல்கிறார்கள். போன், பர்ஸ், பெல்ட், பவர் பேங்க் எல்லாம் இன்னொரு ட்ரேயில். பை தனியாகப் போகிறது. பொருட்கள் இப்படிப் பிரிந்து எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் நுழையும் நேரத்தில், அவற்றின் சொந்தக்காரர் வேறொரு பக்கத்தில் உடல் சோதனை வரிசையில் நிற்கிறார். பெண்கள் என்றால் திரை போட்ட தடுப்புக்குள் போக வேண்டும். வெளியே தன் ட்ரே எங்கே போனது என்று பார்க்கவே வழியில்லை. இதற்கிடையே பையை மட்டும் மறுசோதனைக்கு ஓரம்கட்டிவிட்டால் கவனம் முழுவதும் அதன் மேல் போய்விடும். பை கைக்கு வந்ததும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு வாயிலை நோக்கி ஓடுகிறோம். லேப்டாப் உருளைகளின் கடைசியில் அப்படியே கிடக்கிறது.

விட்டுவிட்டு வருவது இயல்பு. அதைத் திரும்பக் கேட்கப் போகும்போது ஏற்படும் அலைச்சல்தான் இயல்பானதல்ல. அதை மாற்ற முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே கட்டடம்போலத் தெரியும் விமான நிலையத்துக்குள் குறைந்தது மூன்று எஜமானர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்புச் சோதனை மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின், அதாவது சி.ஐ.எஸ்.எஃப்.பின் கையில். 1999 டிசம்பரில் காந்தஹாருக்கு விமானம் கடத்தப்பட்ட பிறகு, 2000-இல் ஜெய்ப்பூரில் தொடங்கி நாட்டின் பெரிய நிலையங்கள் ஒவ்வொன்றாக அவர்களிடம் வந்தன. சோதனையைத் தாண்டிய காத்திருப்புக் கூடம், கழிப்பறை, உணவுக்கடைப் பகுதி ஆகியவை நிலைய நிர்வாகத்துடையவை. சென்னை, மதுரை, திருச்சி, கோவை, தூத்துக்குடியில் அது இந்திய விமான நிலையங்கள் ஆணையம். பெங்களூரு, ஐதராபாத் போன்ற ஊர்களில் நிர்வாக நிறுவனங்கள் வேறு. விமானத்தின் கதவைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் அது விமான நிறுவனத்தின் எல்லை. ட்ரேயில் விட்ட பொருள் முதலாமவரிடம் கிடைக்கும். அவர் அதை அங்கேயே சிறிது நேரம் வைத்திருந்து, யாரும் வராவிட்டால் இரண்டாமவரிடம் ஒப்படைப்பார். இருக்கையில் விட்ட பொருள் மூன்றாமவரிடம் போகும். ஒருவரின் பதிவேட்டில் உள்ளதை மற்றவர் பார்ப்பதில்லை. பயணிக்கோ இந்த எல்லைக்கோடுகள் எதுவும் தெரியாது. டிக்கெட் கொடுத்தவரைத்தான் அவருக்குத் தெரியும். அவரிடமே போய்க் கேட்கிறார். 'அது எங்கள் பொறுப்பு அல்ல' என்ற பதில் வருகிறது. அந்தப் பதில் உண்மைதான். ஆனால் 'அப்படியானால் யாருடைய பொறுப்பு?' என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைப்பதில்லை.

எனக்குத் தெரிந்த குடும்பத்து இளைஞர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த நிலையம், எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமல்ல. எங்கும் இதே கதைதான். வேலைப் பயிற்சிக்காக வடக்கே ஒரு நகரத்துக்குப் புறப்பட்டவர். பையில் சார்ஜரும் ஒயர்களும் சுருண்டு கிடந்ததால் பை மறுசோதனைக்குப் போனது. பையை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். அன்றிரவு விடுதியில் பையைத் திறந்தபோதுதான் லேப்டாப் இல்லை என்று தெரிந்தது.

முதலில் விமான நிறுவனத்தைக் கூப்பிட்டார். அவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். அது செக்-இன் செய்த பெட்டி வராமல் போனால் நிரப்ப வேண்டிய படிவம். பெட்டிச் சீட்டு எண்ணை எழுதாமல் அது மேலே நகராது. அவரிடம் பெட்டியே இல்லை. பிறகு நிலையத்தின் தொலைபேசி. மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினார். பதிவு எண் எதுவும் வரவில்லை. புகாரை யாராவது படித்தார்களா என்பதே தெரியவில்லை. பாதுகாப்புப் படை தன் இணையதளத்தில் கண்டெடுத்த பொருட்களின் பட்டியலை நாள்வாரியாக, நிலையவாரியாக வெளியிடுகிறது என்று யாரோ சொல்லி, அதைத் திறந்து பார்த்தார். அது நல்ல ஏற்பாடுதான், பாராட்டவே வேண்டும். ஆனால் அந்தத் தேதியில் 'கறுப்பு லேப்டாப் – 1' என்று ஒரே மாதிரி வரிகள் ஒன்றுக்கு மேல் இருந்தன. இவருடையதில் கல்லூரி ஸ்டிக்கர் ஒன்று பெரிதாக ஒட்டியிருக்கும். அதைப் பார்க்காமல் யாரும் அந்த லேப்டாப்பைக் கையில் எடுத்திருக்க முடியாது. பட்டியலில் ஸ்டிக்கர் இல்லை, கம்பெனிப் பெயர் இல்லை, எத்தனை மணிக்கு எந்த வரிசையில் கிடைத்தது என்பதும் இல்லை.

அடுத்தது ஆதாரம். ரசீது கேட்டார்கள், அது அப்பா பெயரில் இருந்தது. வாங்கிய அட்டைப்பெட்டி வீட்டுப் பரணில் இருந்ததால் சீரியல் எண் தப்பித்தது. நேரில் வரச் சொன்னார்கள். அவர் இருப்பது வேறு நகரம். அதனால் மாமாவின் பெயருக்கு ஓர் அதிகாரக் கடிதம், இருவருடைய அடையாள அட்டை நகல்கள். மாமா நிலையத்துக்குப் போனார். டிக்கெட் இல்லாதவரை வாசலில் உள்ளே விடமாட்டார்கள். உள்ளே இருப்பவருக்குப் போன் செய்து, அவர் வெளியே ஆள் அனுப்பி, ஒருவழியாக அலுவலகத்தை அடைந்தபோது, பெட்டகச் சாவி வைத்திருப்பவர் பணி முடிந்து போயிருந்தார். மறுபடி இன்னொரு நாள். லேப்டாப்பைத் திறந்து காட்டச் சொன்னார்கள். கடவுச்சொல் மாமாவுக்குத் தெரியாது. மருமகனை அழைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுத் தட்டினார். கைக்கு வந்த லேப்டாப்பை அனுப்பலாம் என்றால், உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் விமான கூரியரில் ஏற்க மறுத்தார்கள். தரைவழிப் பார்சலில்தான் போய்ச் சேர்ந்தது.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. லேப்டாப்பை எடுத்து வைத்த காவலர் நேர்மையானவர். கடவுச்சொல் கேட்ட அதிகாரி சரியாகத்தான் கேட்டார். கேட்காமல் கொடுத்திருந்தால்தான் தவறு. ஒவ்வொருவரும் தன் பங்கைச் செய்த பிறகும், ஊரில் மாமா ஒருவர் இருந்ததால்தான் பொருள் திரும்பியது. மாமா இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் கைவிட்ட பொருள் 'உரிமை கோரப்படாதது' என்ற கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

போன் தொலைந்தால் சிக்கல் வேறு வகை. அதை எங்கே விட்டோம் என்பதையே தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். விமானத்தில் ஏறியதும் போனை ஃப்ளைட் மோடில் போடுகிறோம். தூங்கும்போது அது இருக்கை இடுக்கில் நழுவுகிறது, அல்லது முன்சீட்டுப் பையில் இதழ்களுக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. இறங்கி வந்து இன்னொருவர் போனிலிருந்து கூப்பிட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வரும். கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் தேடினால், வரைபடம் பெரும்பாலும் புறப்பட்ட ஊரின் விமான நிலையத்தைக் காட்டும். ஏனென்றால் போன் கடைசியாக வெளியுலகோடு பேசியது அங்கேதான். அதைப் பார்த்துவிட்டு, 'ஐயோ, செக்யூரிட்டியில் விட்டுவிட்டேன்' என்று போனைத் தொலைத்தவர் புறப்பட்ட ஊருக்குப் புகார் அனுப்புவார். போனோ இவர் இறங்கிய விமானத்திலேயே அடுத்த ஊருக்குப் பறந்துகொண்டிருக்கும். ட்ரேயில் விட்ட போன் என்றால் ஃப்ளைட் மோடில் இருக்க வாய்ப்பு குறைவு. மணி அடிக்கும், யாராவது எடுக்கவும் கூடும். ஆகவே மணி அடிக்கிறதா இல்லையா என்பதையே முதல் தடயமாக எடுத்துக்கொள்ளலாம். மணி அடிக்காமல், வரைபடமும் புறப்பட்ட நிலையத்திலேயே நின்றுவிட்டால், முதலில் விமான நிறுவனத்திடம் இருக்கை எண்ணோடு சொல்லுங்கள். விமானத்தில் போனைக் கையில் வைத்திருந்தது நினைவிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அதுவும் வெளிவாசலைத் தாண்டும் முன்பே சொல்லிவிட வேண்டும். உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள்ளேயே திரும்பக் கிளம்பிவிடுகின்றன. அந்த இடைவெளியில் பெட்டிகள் வரும் கூடத்தில் நிற்கும் நிறுவன ஊழியரிடம் சொன்னால், அவர் வாக்கி-டாக்கியில் விமானத்துக்குத் தகவல் சொல்ல முடியும். துப்புரவு செய்பவர்கள் இருக்கையைப் பார்த்துவிடுவார்கள். விமானம் கிளம்பிவிட்டால், போன் எந்த ஊரில் கண்டெடுக்கப்படுகிறதோ அந்த ஊர் அலுவலகத்தில் பதிவாகும். நீங்கள் புகார் கொடுத்த ஊரில் தேடுபவருக்கு அது தெரியவே தெரியாது. வி.டி. என்று தொடங்கும் விமானப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டால், அன்று முழுவதும் அந்த விமானம் எந்தெந்த ஊருக்குப் போனது என்று பார்த்து, அந்த ஊர்களிலெல்லாம் விசாரிக்கச் சொல்லலாம். ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். பறக்கும்போதே போன் இருக்கைக்குள் விழுந்துவிட்டால், இருக்கையைச் சாய்த்தோ நிமிர்த்தோ எடுக்க முயலாதீர்கள். பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கக்கூடும். பணிப்பெண்ணை அழையுங்கள்.

போனைத் தொலைத்தவரிடம் ஓ.டி.பி. கேட்கும் கொடுமையையும் சொல்லாமல் இருக்க முடியாது. புகார் படிவம் கைபேசி எண்ணைக் கேட்கிறது. அந்த எண்ணுக்குக் கடவு எண் அனுப்புகிறது. அது தொலைந்த போனில் போய் விழுகிறது. தொலைந்த பொருளே போன் என்று படிவத்தின் முதல் வரியில் எழுதிய பிறகும் இதே கதிதான்.

ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்குவதிலும் ஒரு நிதானம் தேவை. 15 இலக்கம் கொண்ட அந்த எண்ணைப் போன் கையில் இருக்கும்போதே `*#06#` என்று தட்டிப் பார்த்து வேறெங்காவது குறித்து வைத்திருக்க வேண்டும். 2023 மே மாதத்தில் நாடு முழுவதற்கும் திறக்கப்பட்ட சஞ்சார் சாத்தி தளத்தின் வழியாக, போலீஸ் புகார் நகலோடு அந்த எண்ணை முடக்கக் கோரலாம். முடக்கிய போன் நாட்டின் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. அதாவது, நல்ல மனிதர் ஒருவர் கையில் இருந்தாலும் அதற்கு அழைப்பு போகாது. எனவே முதலில் கணக்கு வழியாகப் போனைப் பூட்டி, திரையில் வீட்டில் உள்ள வேறொருவரின் எண் தெரியும்படி ஒரு செய்தி போடுங்கள். வங்கிக்குச் சொல்லிப் பணம் செலுத்தும் வசதிகளை நிறுத்துங்கள். விமான நிலையமும் நிறுவனமும் 'இல்லை' என்று கைவிரித்த பிறகு முடக்கலாம். பர்ஸுக்கு இந்தப் பொறுமை கூடாது. அட்டைகளை உடனே நிறுத்திவிட வேண்டும். ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போன்றவை போயிருந்தால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கான அறிக்கையை வீட்டிலிருந்தே பெறலாம்.

பயணி செய்ய வேண்டியது இவ்வளவுதான். இனி, அவர்கள் செய்ய வேண்டியது.

'கைப்பொருளுக்குப் பயணியே பொறுப்பு' என்ற வாசகத்தைக் கவுண்டர்களில் அடிக்கடி கேட்கிறோம். பொருள் நம் கையில் இருக்கும்வரை அது சரி. அதை இன்னொருவர் எடுத்துத் தன் பொறுப்பில் வைத்த நொடியில் நிலைமை மாறிவிடுகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71-ஆம் பிரிவில், பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன்வசம் எடுத்துக்கொண்டவருக்கு, ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைக் காப்பவருக்கு உள்ள அதே கடமை உண்டு என்கிறது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி எடுக்கும் முன்பே கண்டெடுத்த பொருளை ஒருவர் தனதாக்கிக்கொண்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவின்படி அது குற்றம். பொருளைப் பெட்டகத்தில் பூட்டிவைத்துவிட்டு, உரியவர் வரட்டும் என்று இருப்பதோடு கடமை முடிந்துவிடுவதாக இந்தச் சட்டங்களின் உணர்வைப் படிக்க முடியவில்லை.

தேடுவதற்கு வழி இல்லாமலும் இல்லை. பர்ஸில் பெயரோடு ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. அந்தப் பெயரில் அன்று பறந்தவர் யார், அவர் எண் என்ன என்பது விமான நிறுவனத்திடம் இருக்கிறது. ட்ரே எந்த நேரத்தில் யாருக்குப் பின்னால் வந்தது என்பது கேமராவில் இருக்கிறது. ஒரே மாதிரி சாம்பல் நிற லேப்டாப்புகள் கைமாறிப் போவதும் உண்டு. அப்போது அங்கே மிஞ்சிக் கிடப்பது தவறுதலாக எடுத்துப் போனவருடைய லேப்டாப்தான். கேமராவைப் பார்த்தால் இரண்டு பேருடைய கவலையும் ஒரே நாளில் தீரும். ஆனால் அந்தப் பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும். புகாரில் சோதனை வரிசை எண்ணையும் நேரத்தையும் எழுதி, பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 1994-ஆம் ஆண்டின் இந்திய விமான நிலையங்கள் ஆணையச் சட்டம், 42-ஆம் பிரிவில், ஆணையத்தின் வளாகத்தில் கேட்பாரற்றுக் கிடைக்கும் பொருளைப் பத்திரப்படுத்தி உரியவரிடம் சேர்க்க விதிமுறைகள் வகுக்கும் அதிகாரத்தைத் தருகிறது. அதே வாக்கியத்தில், அந்த வளாகத்தில் நிற்கும் விமானத்துக்குள் கிடைக்கும் பொருளும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆக, ட்ரேயில் கிடைத்தது, நாற்காலியில் கிடைத்தது, விமான இருக்கையில் கிடைத்தது என்று மூன்றையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவர முப்பது ஆண்டுகளாகச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த அதிகாரத்தில் தொலைந்த பொருட்களுக்கென்று 2003-இல் விதிமுறைகளும் வந்தன. பயணியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த ஒரே பதிவேடுதான் இன்னும் கண்ணில் படவில்லை.

ஆணையத்திடம் நாம் கேட்க வேண்டியது, நிலையத்துக்கு ஒரு பதிவேடு. படையினரும் நிறுவனங்களும் கண்டெடுத்ததை அன்றே அதில் ஏற்ற வேண்டும். கம்பெனிப் பெயர், நிறம், கிடைத்த இடம், நேரம் ஆகியவை பட்டியலில் தெரியட்டும். ஸ்டிக்கர், கீறல், பர்ஸில் உள்ள தொகை போன்றவற்றை மறைத்து வைத்து, உரிமை கோருபவரைக் கேட்டுச் சரிபார்க்கட்டும். யார் எங்கே சொன்னாலும், வாய்மொழியாகச் சொன்னாலும்கூட, ஒரு புகார் எண் தரப்பட வேண்டும். அந்த எண் இல்லாததால்தான் மக்கள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு நிலையங்களில் படிவம் தமிழிலும் இருக்கட்டும். தன் பர்ஸ் எப்படி இருக்கும் என்று தன் மொழியில்தான் ஒருவரால் துல்லியமாக எழுத முடியும்.

திருப்பிக் கொடுக்கும் கவுண்டர், டிக்கெட் இல்லாதவரும் வரக்கூடிய வெளிப்புறத்தில் இருக்க வேண்டும். இதற்குச் செலவு அதிகமில்லை. ஒரு சாளரமும், ஒவ்வொரு ஷிஃப்டிலும் சாவி வைத்திருக்கும் ஓர் ஆளும் போதும். வெளியூரில் இருப்பவருக்காக இன்னொன்றும் செய்யலாம். தவறிப்போன பெட்டிகளை உரியவர் உடன் இல்லாமலே சோதித்து அடுத்த விமானத்தில் அனுப்பும் வழக்கம் விமான நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சோதனையிடத்திலேயே விடப்பட்ட லேப்டாப்பையும், அணைத்து, முறையாகப் பொதிந்து, அதே போல அனுப்ப ஓர் ஒழுங்கு வகுக்க முடியும். கட்டணம் கேட்டாலும் பயணிகள் தருவார்கள். பாதுகாப்பு நுணுக்கங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவற்றைப் பேசி முடிக்க வேண்டியவர்கள் ஆணையமும் படையும் நிறுவனங்களும்தான். பயணி அந்த மூவருக்கும் நடுவில் தபால்காரர் வேலை பார்க்கக் கூடாது.

பொருளைத் தொலைத்து அலைந்தவர்கள் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் `airsewa.gov.in` தளத்தில் குறையைப் பதியலாம்; அங்கே பதிவு எண் கிடைக்கும், பிறகு அந்த எண்ணைக் காட்டியே பேசலாம். தகவல் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்தலாம். சி.ஐ.எஸ்.எஃப். அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் விலக்குப் பெற்ற அமைப்பு என்பதால் விண்ணப்பத்தை விமான நிலையங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் ஊர் விமான நிலையத்தில் கடந்த ஆண்டு எத்தனை போன்களும் லேப்டாப்புகளும் பர்ஸுகளும் பெறப்பட்டன, எத்தனை உரியவரிடம் சேர்ந்தன, மிஞ்சியவை எந்த ஆணையின்படி எப்போது ஏலத்துக்குப் போயின, உரியவரைத் தேட என்ன செய்யப்பட்டது என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.